மாரி கழியட்டும், பிறகு கேளுங்கள்

கேள்வி: சாய்ந்தமருதில் 14 வருடமாக வீடு கட்டும் கொந்தராத்து செய்து வருகிறேன். பெரும்பாலும் சீதன வீடுகள். வேலையை முடித்துத் திறப்பைக் கையில் கொடுக்கும்போது, "உங்களுக்குத் திருப்திதானே? அப்படியென்றால் என்னைப் பற்றி நாலு வார்த்தை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், தெரிந்தவர்களிடமும் சொல்லிவிடுங்கள்" என்று கேட்பேன். எல்லோரும் முகம் மலர்ந்து "அதற்கென்ன" என்கிறார்கள். ஒருவரும் அனுப்புவதில்லை. இன்னொரு முறை ஞாபகப்படுத்தினால் சிலர் என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். "கேட்கவே வேண்டாம், நல்ல வேலை தானாகப் பேசும்" என்கிறார் என் காக்கா. சந்தோஷமாக இருக்கிறவர்களிடம் கேட்பதில் ஏன் இவ்வளவு சங்கடம்? எப்போது, எப்படிக் கேட்டால் சரி?

— வாசகர், சாய்ந்தமருது

பதில்: அன்பின் சகோதரரே, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். சந்தோஷமானவர்கள் ஏன் சங்கடப்படுகிறார்கள் என்று நீங்கள் கேட்டிருப்பது அருமையான கேள்வி. வியாபாரம் சொல்லிக்கொடுக்கும் பலர் இந்த இடத்தில் நிற்காமல் கடந்துவிடுகிறார்கள். "வாடிக்கையாளர் சந்தோஷத்தின் உச்சியில் இருக்கும்போதே கேட்டுவிடு" என்பதுதான் அவர்கள் சொல்லும் சூத்திரம். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். எங்கள் ஊர்களில் வீட்டு வேலைக்கு அந்தச் சூத்திரம் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதற்கு முன்னால், உங்கள் காக்கா சொன்னதைப் பார்த்துவிடுவோம். அதுதான் இந்தத் தொழிலில் அதிகம் பேர் நம்புகிற விடயம்.

நல்ல வேலை தானாகப் பேசும் என்பது சில தொழில்களுக்கு உண்மை. மருதமுனைச் சாரத்தையோ சேலையையோ ஒருவர் உடுத்துக்கொண்டு வந்தால், பார்க்கிறவர் "எங்கே எடுத்தது?" என்று கேட்பார். வீட்டில் நீங்கள் செய்யும் நல்ல வேலையின் பெரும்பகுதியோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அத்திவாரத்தின் ஆழத்தையும், கம்பிக்கு மேல் எவ்வளவு கொங்கிறீட் மூடியிருக்கிறது என்பதையும், பீலியின் சரிவையும், மலசலகூடத் தரைக்குக் கீழே இட்ட நீர்த்தடுப்புப் பூச்சையும் விருந்துக்கு வந்தவர் பார்க்க மாட்டார். ஒழுகாத கூரையைப் பற்றி யாரும் கதைப்பதுமில்லை. ஒழுகுகிற கூரையைப் பற்றித்தான் ஒழுங்கை முழுக்கக் கதைப்பார்கள். ஆகவே உங்கள் தொழிலில் குறை தானாகப் பேசும், நிறை கேட்டால்தான் பேசும். காக்காவின் அறிவுரை கண்ணியமானது என்றாலும் உங்கள் வேலைக்கு அது பொருந்தவில்லை.

கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்ற பயமும் பெரும்பாலும் வீண்தான். பிரான்சிஸ் பிளின், வனெசா லேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பிறரிடம் சிறு உதவி கேட்கப் போகிறவர்கள் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்று முன்கூட்டியே மதிப்பிட்டார்கள். உண்மையில் சம்மதித்தவர்கள் அந்த மதிப்பீட்டைவிட மிக அதிகம். சில சோதனைகளில் மதிப்பீடு பாதியளவுக்குக் குறைந்திருந்தது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் உங்களுக்கு முக்கியம். முகத்துக்கு நேரே ஒருவர் கேட்கும்போது "இல்லை" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கேட்கிறவர் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்காரர்களின் "அதற்கென்ன" ஏன் காற்றில் போகிறது என்பது விளங்கும். திறப்பு கொடுக்கும் நாளில் நீங்கள் எதிரே நிற்கிறீர்கள். மேசன்மார் சாமான்களைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், வீட்டில் உறவுக்காரர்கள் கூடியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் "இல்லை" என்று சொல்ல யாராலும் முடியாது. உங்களுக்குக் கிடைத்தது சங்கடத்தில் பிறந்த சம்மதம். அதைக் கொடுத்தவர் உங்களை மறுபடி காணும்போது கடன் தலையில் ஏறியவரைப் போல உணர்கிறார், அதனால்தான் திரும்பிக்கொள்கிறார். உங்கள் வேலை அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் இது பாதிக் காரணம். மற்றப் பாதி எங்கள் கரையோர ஊர்களுக்கே உரியது.

கல்முனை தொடங்கி நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுக்கும் வழக்கம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 தொடக்கம் அக்கரைப்பற்றை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட பெரிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தாய்வழியில் வரும் குடி, பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர், மகளுக்குப் போகும் வீடு என்று எல்லாம் அதில் உண்டு. அந்த வழக்கத்தின் நல்லது கெட்டதை இங்கே நான் பேச வரவில்லை. உங்கள் தொழிலுக்கு அதில் இருந்து வரும் விளைவு ஒன்றுதான்: தாயின் வீடு, ராத்தாவின் வீடு, தங்கச்சியின் வீடு, சாச்சியின் வீடு எல்லாம் ஒரே வளவில் அல்லது ஒரே ஒழுங்கையில் இருக்கும். ஒருவர் உங்களைச் சிபாரிசு செய்தால், அது பெரும்பாலும் பக்கத்து வேலிக்கு அப்பால் இருக்கும் சொந்தக்காரரிடம்தான் போகும்.

அங்கே வேலை பிழைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொழும்பில் ஒருவர் தன் கந்தோர் நண்பருக்கு ஒரு மேசனைச் சொல்லி அது பிழைத்தால், மன்னிப்புக் கேட்டுவிட்டு மறந்துவிடலாம். சாய்ந்தமருதில் ஒரு ராத்தா தன் தங்கச்சியின் மகளுடைய சீதன வீட்டுக்கு உங்களைச் சொல்லி, நிக்காஹ்வுக்கு நாள் குறித்த பிறகு வீடு முடியாமல் இழுத்தால், அந்தப் பழியை அவர் பெருநாளிலும் கந்தூரியிலும் காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் சுமக்கிறார் என்பதும் எங்கள் மார்க்கம் சொல்லித் தந்த பொறுப்பு. இவ்வளவு பாரத்தை, திறப்பு வாங்கிய அன்றே, வீடு எப்படி நிற்கும் என்று அவருக்கே தெரியாத நேரத்தில், நீங்கள் அவரிடம் ஏற்றுகிறீர்கள். அவர் தயங்காவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆகவே சங்கடத்தின் உண்மையான காரணம் அவரிடம் இன்னும் சாட்சி இல்லாததுதான். சந்தோஷம் இருக்கிறது, சாட்சி இல்லை. கேட்க வேண்டிய நேரத்தை நீங்கள் வேலை முடித்த நாளை வைத்துக் கணக்கிடக் கூடாது. அவருக்குச் சாட்சி கிடைத்த நாளை வைத்துக் கணக்கிட வேண்டும்.

அது எந்த நாள்? எங்கள் பக்கம் அதை மாரி தீர்மானிக்கிறது. கிழக்குக் கரைக்கு வருடத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசியில் தொடங்கித் தை வரையில் கொட்டுகிறது. மற்ற மாதங்களில் எந்தக் கூரையும் நல்ல கூரைதான். ஆவணியில் திறப்பு கொடுத்த வீட்டுக்கு முதல் பரீட்சை கார்த்திகையில் நடக்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பரீட்சை முடிந்த பிறகு வீட்டுக்காரர் உங்களைப் பற்றிச் சொல்லும் ஒரு வசனத்துக்கு, திறப்பு நாளில் சொல்லும் நூறு வசனமும் ஈடாகாது. கேட்கிற உறவுக்காரருக்கும் அது தெரியும்.

ஒரு வீட்டை உதாரணமாக வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். 80 இலட்சம் ரூபாய்க் கொந்தராத்து, ஆவணியில் ஒப்படைப்பு, புரட்டாதியில் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காசு. உங்களுக்கும் அவருக்கும் இடையில் கணக்கு முடியாமல் இருக்கும்வரை எதுவும் கேட்காதீர்கள். பாக்கி இருக்கும்போது நற்சாட்சி கேட்டால் (நற்சாட்சி என்று நான் சொல்வது, தனக்குக் கிடைத்த வேலையைப் பற்றி ஒருவர் தன் வாயால் சொல்லும் வாக்குமூலம்), பாக்கியைக் குறைக்கப் பேரம் பேசுகிறீர்களோ, அல்லது அவர் பேரம் பேச நீங்கள் வழி திறக்கிறீர்களோ என்ற சந்தேகம் இரண்டு பக்கமும் வரும். பெரிய கட்டட ஒப்பந்தங்களில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. மொத்தத் தொகையில் ஒரு சிறு பங்கை, வழமையாக 5 வீதமளவில், உரிமையாளர் பிடித்துவைப்பார். இதை நிறுத்திவைப்புப் பணம் என்பார்கள், அதாவது குறை இருந்தால் திருத்தித் தருவதற்கான பிணை. திருத்துவதற்குக் குறித்த காலம், பெரும்பாலும் ஒரு வருடம், குறை திருத்தும் காலம் எனப்படும். நம் ஊர் வீட்டு வேலையில் இது எழுத்தில் இருப்பது அபூர்வம். நீங்களாகவே எழுதிக் கொடுங்கள்: "4 இலட்சத்தை நீங்கள் வைத்திருங்கள், மாரி கழிந்து நான் வந்து பார்த்த பிறகு தாருங்கள்." 80 இலட்சத்தில் இது 5 வீதம். காசு கொஞ்சம் பிந்தும் என்பது உண்மை, அதற்கு ஏற்றபடி உங்கள் இலாபத்தையும் சாமான் கடனையும் முதலிலேயே திட்டமிட வேண்டும். முதல் வருடத்தில் ஒரேயடியாக 5 வீதம் முடியாவிட்டால் இரண்டரை வீதத்தில் தொடங்குங்கள். ஆனால் இந்த ஏற்பாடு உங்களுக்குத் தரும் பெரிய இலாபம் வேறு. தை மாதம் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு உங்களுக்கு ஒரு நேர்மையான காரணம் கிடைக்கிறது.

இரண்டாவது, மாரியின் நடுவில் ஒரு பயணம். நல்ல மழை இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து ஓய்ந்ததும் போய்ப் பாருங்கள். சீலிங்கில் மஞ்சள் வட்டம் இருக்கிறதா, பீலியின் மூலை இணைப்பில் சொட்டுகிறதா, யன்னல் நிலைக்கும் சுவருக்கும் இடையில் ஈரம் ஊறியிருக்கிறதா, மலசலகூடச் சுவரின் மறுபக்கத்தில் பூச்சு உப்பியிருக்கிறதா, கடல் பக்கச் சுவரடியில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூச்சில் தெரியும் மயிர் வெடிப்பு பெரும்பாலும் காய்ந்து சுருங்கியதால் வருவது. யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, விரல் நகம் நுழையும் அளவுக்கு அகலும் வெடிப்பு வேறு விடயம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டுக்காரருக்குக் காட்டி விளங்கப்படுத்துங்கள், தேவைப்பட்டால் எஞ்சினியரைக் கூட்டி வாருங்கள். அன்று நற்சாட்சி பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது. ஏதாவது கண்டால் நாள் குறித்துத் திருத்துங்கள். குறை கண்டு திருத்திய வீடு, குறையே வராத வீட்டைவிடச் சிலவேளை உங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தரும். ஏனென்றால் காசு வாங்கிய பிறகும் இந்த மனிசன் வருவாரா என்பதே கட்டப்போகிற எல்லோருடைய பயமும்.

மூன்றாவது, தையின் கடைசியில் கணக்கு முடிக்கும் நாள். காசு கைமாறிய பிறகு, நாற்காலியை விட்டு எழும்புவதற்கு முன் கேட்க வேண்டியது நற்சாட்சி அல்ல, ஒரு திறந்த கேள்வி: "இந்த வேலையில் உங்களுக்கு எது நல்லதாக இருந்தது? எது கஷ்டமாக இருந்தது?" பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். நல்லதைப் பற்றி ஒருவரைச் சொந்தச் சொல்லில் சொல்லவிட்டாலே, அந்த நிறுவனத்திடம் அவர் பிறகு வாங்குவது கூடுகிறது என்று 2017இல் வெளிவந்த ஒரு சந்தை ஆய்வு காட்டியது. உங்களுக்கு அதைவிடவும் பெரிய பயன், கேட்கும்போது கிடைக்கும் விபரம்.

இங்கே யாரைக் கேட்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். சீதன வீட்டில் மூன்று பேர் உண்டு. காசு அனுப்புகிறவர், பெரும்பாலும் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வாப்பா அல்லது காக்கா. மேற்பார்வை பார்த்தவர், ஒரு மாமா. வீட்டில் இருக்கப் போகிறவர்கள், பெண்பிள்ளையும் அவரது உம்மாவும். நீங்கள் ஒப்பந்தம் கதைத்தது மாமாவிடம் என்பதால் சாட்சியும் அவரிடம் கேட்கிறீர்கள். மாமாவுக்குத் தெரிந்தது சீமெந்து மூட்டைக் கணக்கு. குசினிப் புகை எந்தப் பக்கம் போகிறது, மழை நாளில் உடுப்பு எங்கே காய்கிறது, வேலை நடந்தபோது உங்கள் ஆட்கள் வீட்டுப் பெண்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நடந்தார்களா என்பதெல்லாம் உம்மாவுக்குத் தெரியும். அடுத்த வீட்டுக்கு யாரை எடுப்பது என்று வேலிக்கு மேலால் கதைப்பதும் அவர்தான். ஆகவே மாமாவின் முன்னிலையிலேயே, அவர் சம்மதத்தோடு, உம்மாவின் கருத்தைக் கேளுங்கள். உங்கள் மனைவியையோ உம்மாவையோ கூட்டிப்போனால் இன்னும் இலகு. வெளிநாட்டில் இருப்பவரிடம் கேட்பதென்றால் அவர் லீவில் வந்து அந்த வீட்டில் இரண்டு வாரம் தூங்கி எழும்பும்வரை பொறுங்கள். வீடியோ கோலில் பார்த்த வீட்டுக்கு அவரால் மனதாரச் சாட்சி சொல்ல முடியாது.

அவர்கள் சொன்னதை அவர்களின் சொல்லிலேயே ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு இப்படிக் கேளுங்கள்: "நீங்கள் இப்போது சொன்னதை, வேறு யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால் காட்டலாமா? பெயர் போட விருப்பமில்லாவிட்டால் ஊரை மட்டும் போடுகிறேன். இப்போதே சொல்ல வேண்டாம், யோசித்து வொய்ஸ் ஒன்று போடுங்கள். வேண்டாம் என்றாலும் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை." இதில் மூன்று விடயம் நடக்கிறது. எழுதும் பாரம் அவரிடமிருந்து போகிறது. உங்கள் முகம் எதிரே இல்லாமல் மறுக்க இடம் கிடைக்கிறது. எங்கே, எப்படிப் பாவிப்பீர்கள் என்பது தெரிகிறது.

நேரில் கேட்டால்தானே காரியம் நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நடக்கும்தான். முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு படிவம் நிரப்பித் தரக் கேட்ட 2017ஆம் ஆண்டுச் சோதனையொன்றில், நேரில் கேட்பது மின்னஞ்சலில் கேட்பதைவிட 34 மடங்கு பலித்தது. ஆனால் படிவம் நிரப்பியவர் அத்தோடு போய்விடுவார். உங்கள் வீட்டுக்காரரோ வருடக்கணக்கில் உங்களைப் பற்றி மனதாரப் பேச வேண்டியவர். அதனால் கதையை நேரில் தொடங்குங்கள், பதிலை வட்ஸ்அப்புக்கு விடுங்கள்.

நல்ல நற்சாட்சி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி: "ஆவணியில் தருவதாகச் சொன்னார், இரண்டு கிழமை பிந்தியது, காரணம் சொன்னார். கதைத்த விலைக்கு மேல் டைல்ஸ் மாற்றியதற்கு மட்டும் கூடுதலாக எடுத்தார். கார்த்திகை மழையில் பீலி மூலையில் சொட்டியது, அடுத்த நாளே ஆள் அனுப்பினார். அதற்குப் பிறகு சொட்டவில்லை." இதில் "சிறந்த வேலை, நூறு வீதம் திருப்தி" என்ற சொற்கள் இல்லை. இருக்கவும் தேவையில்லை. வாசிக்கிறவர் தேடுவது திகதியும் விலையும் குறை வந்தால் என்ன நடந்தது என்பதும்தான். பிந்திய இரண்டு கிழமையை வெட்டிவிடாதீர்கள். அது இருப்பதால்தான் மற்றது நம்பப்படுகிறது.

படம் எடுப்பதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. முழு மண்டபத்தையும் சோபாவையும் படம் பிடித்து பேஸ்புக்கில் போடுவதை எங்கள் வீட்டுக்காரர்கள் விரும்புவதில்லை. கண்ணூறு பயம் ஒரு பக்கம், பெண்பிள்ளையின் வீட்டின் உட்புறம் ஊருக்குத் தெரிவது மறுபக்கம். வாய்விட்டு மறுக்காவிட்டாலும் மனதில் வைத்துக்கொள்வார்கள். குடிபோவதற்கு முன், சாமான் ஏதும் இல்லாத நேரத்தில், பீலி இணைப்பையும் படிக்கட்டையும் யன்னல் நிலையையும் மட்டும் கேட்டு எடுங்கள். கட்டப்போகிறவருக்கும் உங்கள் கைவேலை தெரிவது அங்கேதான்.

இப்போது சிபாரிசு. இதை நற்சாட்சியோடு சேர்த்து ஒரே மூச்சில் கேட்டது உங்கள் வழியில் இருந்த பெரிய பிழை. நற்சாட்சி நடந்து முடிந்ததைப் பற்றியது, அவருக்கு அதில் ஆபத்துக் குறைவு. சிபாரிசோ இன்னும் நடக்காத வேலைக்குப் பிணை நிற்பது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நாள் விடுங்கள். கேட்கும்போதும் "வீடு கட்டப்போகிற ஆட்களின் பெயர் தாருங்கள்" என்று கேட்காதீர்கள், அது அவரை உங்கள் ஆளாக்கிவிடும். இப்படிக் கேளுங்கள்: "யாராவது உங்கள் வீட்டைப் பார்த்துக் கேட்டால், எனக்காக ஒன்றும் பேச வேண்டாம். மழைக்கு வீடு எப்படி இருந்தது என்பதைச் சொல்லி, என் நம்பரைக் கொடுத்தால் போதும். வந்து பார்க்க ஆசைப்பட்டால் காட்டுவீர்களா?" இப்போது அவர் உங்களுக்குப் பிணை நிற்கவில்லை, தன் வீட்டுக்குச் சாட்சி சொல்கிறார். பழி வந்தாலும் "பார்த்துத்தானே முடிவெடுத்தாய்" என்று சொல்ல அவருக்கு இடமிருக்கிறது.

வீடு பார்க்க ஆள் அனுப்புவதென்றால் முதல் நாளே கேட்டு, அசருக்குப் பிறகு மஃரிபுக்கு முன், குடும்பத்தோடு வரச் சொல்லுங்கள். நோன்பு மாதத்தில் வேண்டாம். ஒரே வீட்டுக்கு வருடத்தில் இரண்டு பேருக்கு மேல் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு வருகைக்கும் தேத்தண்ணி ஊற்றுவது அவர்கள்.

பதிலில் ஒன்றைக் கவனியுங்கள். "இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை மச்சியிடம் சொல்கிறேன்" என்றால் அது சம்மதம், ஆளும் நாளும் அதில் இருக்கிறது. ஆளும் இல்லாமல் நாளும் இல்லாமல் "இன்ஷா அல்லாஹ் பார்ப்போம்" என்று மட்டும் நின்றுவிட்டால், அவர் உங்கள் மனம் நோகாமல் மறுத்திருக்கிறார். அத்தோடு விடுங்கள். ஞாபகப்படுத்தல் என்பதே வேண்டாம், நீங்கள் ஆட்களை இழந்தது அங்கேதான். அதேபோல வலீமா வீட்டிலும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலிலும், நாலு பேர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் மறுக்க வழியே இல்லை. அவராகவே உங்களைப் புகழ்ந்து பேசினால் மட்டும் நன்றி சொல்லிவிட்டு, "இதை நான் எழுதி வைத்துக்கொள்ளவா?" என்று அப்போதே கேட்கலாம். அவர் தொடங்கிய பேச்சில் நீங்கள் தொடர்கிறீர்கள், அதில் சங்கடமில்லை.

கொமிஷன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அந்த யோசனை வரும் என்பதால் சொல்கிறேன். ஆள் பிடித்துத் தந்தால் இத்தனை ஆயிரம் என்று வீட்டுக்காரருக்குக் கொடுப்பது எங்கள் ஊரில் வேலை செய்யாது. தரகுக்கூலி வாங்குவதில் தவறில்லாமல் இருக்கலாம், மற்றவருக்குத் தெரியாமல் வாங்குவதுதான் வில்லங்கம். ராத்தா காசு வாங்கிக்கொண்டுதான் தனக்குச் சொன்னார் என்று தங்கச்சி ஒரு நாள் அறிந்தால் இரண்டு வீட்டையும் நீங்கள் இழப்பீர்கள். மார்க்க ரீதியில் ஐயமிருந்தால் உங்கள் ஊர் உலமாவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வியாபார ரீதியில் 2007இல் ரியூ, பீக் என்ற இருவரின் ஆய்வு ஒரு நல்ல வழி காட்டியது. தூரத்துப் பழக்கத்தில் சொல்பவருக்குச் சன்மானம் உதவுகிறது. நெருங்கிய உறவுக்குள் என்றால் சன்மானத்தில் ஒரு பங்காவது புதிதாக வருகிறவருக்குப் போவதே பலனளிக்கிறது. உங்களுடைய சிபாரிசு எல்லாம் நெருங்கிய உறவுக்குள் நடப்பது. ஆகவே காசுக்குப் பதிலாக, அந்த ராத்தா சொல்லி வருகிற வீட்டுக்கு இரண்டாவது மாரிக்கும் இலவசமாகக் கூரை பார்த்துத் தருவதாக எழுதிக் கொடுங்கள். ராத்தா தன் தங்கச்சிக்கு ஒரு நன்மை வாங்கிக் கொடுத்தவராகிறார், மறைக்க ஒன்றுமில்லை.

இந்த வழிக்கு ஒரு எல்லையும் உண்டு. இது மெதுவானது. ஆவணியில் ஒப்படைத்த வீட்டின் சாட்சி தையில் கிடைக்கும், சிபாரிசு பெரும்பாலும் அதற்கும் பிறகு, அந்த ஒழுங்கையில் அடுத்த பெண்பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு எழும்போது வரும். உடனடியாக வேலை வேண்டிய மாதத்துக்கு இது உதவாது, அதற்கு நீங்கள் வேறு வழிதான் பார்க்க வேண்டும். இரண்டு மாரி கழிந்தும், சங்கடமில்லாமல் கேட்டும், ஒரு வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லையென்றால் கேட்கும் முறையில் பிழை தேடாதீர்கள். அந்தக் கொப்பியில் "எது கஷ்டமாக இருந்தது" என்பதற்குக் கிடைத்த பதில்களை வரிசையாக வாசியுங்கள். பிந்துதலா, கூடுதல் கணக்கா, ஆட்களின் நடத்தையா என்பது மூன்று நாலு வீட்டுக்குள்ளேயே தெரிந்துவிடும்.

உங்களைக் கண்டு திரும்பிக்கொண்டவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வருகிற மாரியில் நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும் அவர்களின் வீட்டுக்குப் போய் பீலியைப் பார்த்துத் துப்புரவாக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த முறை அவர்களிடம் எதையும் கேட்காதீர்கள்.